சதுரத்துக்குள் அடங்காத வட்டம்

பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் தன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். 20 மி.மீ. விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள எஃகுக் கம்பியை 50 கிலோநியூட்டன் விசையால் இழுத்தால் எவ்வளவு நீளும் என்பது கேள்வி. 0.0004 மி.மீ. என்று எழுதியிருந்தார்.

சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் அந்த விடையை மனக்கண்ணில் பார்க்கச் சொன்னேன். 50 கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய ஐந்து டன் எடை. கட்டைவிரல் பருமனுள்ள கம்பியில் அதைத் தொங்கவிட்டால், அது தலைமுடிப் பருமனில் நூறில் ஒரு பங்குகூட நீளாதா?

பரப்பு என்ற இடத்தில் 1.2566 சதுர மீட்டர் என்று இருந்தது. நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேசையின் அளவு அது! இரண்டு தவறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. விட்டத்தையே ஆரம் என்று எடுத்து 1256.6 சதுர மி.மீ. என்று கண்டிருக்கிறார். பிறகு அதைச் சதுர மீட்டராக்க ஆயிரத்தால் வகுத்திருக்கிறார். ஒரு மீட்டருக்கு ஆயிரம் மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் சதுர மி.மீ. நீளத்தை மாற்றும் எண்ணைப் பரப்புக்கும் போட்டுவிட்டார்.

இந்த வகைக் கணக்கில் அலகையே மாற்றாமல் நியூட்டன், மி.மீ. இரண்டோடு கடைசிவரை போவதுதான் நல்லது என்பேன். ஆரம் 10; பரப்பு 314.16 சதுர மி.மீ. 50,000 நியூட்டனை அதனால் வகுத்தால் தகைவு 159, அதுவே மெகாபாஸ்கலும்கூட. எஃகின் யங் குணகம் 2,00,000. அதனால் தகைவை வகுத்தால் திரிபு 0.0008. இதை 2,000 மி.மீ. நீளத்தால் பெருக்கினால் நீட்சி 1.6 மி.மீ.

சரியான விடை அவருடையதைப் போல நாலாயிரம் மடங்கு. அந்த எண்ணே தவறைக் காட்டிக்கொடுக்கிறது: நான்கு, ஆரத்தை இரட்டித்ததால் வந்தது, ஆயிரம், அலகால் வந்தது.

சாதாரண மென் எஃகு 250 மெகாபாஸ்கல் அளவில் நெகிழத் தொடங்கும். அதற்குள் ஒரு மீட்டர் கம்பி 1.25 மி.மீ. வரைதான் நீளும், இரண்டு மீட்டருக்கு 2.5. அதைத் தாண்டினால் இந்தச் சூத்திரமே செல்லாது. 1.6 அதற்குள் இருக்கிறது.

ஆனால் ஒன்று என்னை உறுத்தியது. அலகைச் சரியாக மாற்றி, ஆரத்தில் மட்டும் தவறியிருந்தால் தகைவு 40, நீட்சி 0.4 மி.மீ. என்று வந்திருக்கும். பார்த்தால் சந்தேகமே வராது. அதைப் பிடிக்க எளிய வழி, வட்டத்தைச் சுற்றி ஒரு சதுரம் வரைவது. 20-க்கு 20 சதுரத்தின் பரப்பு 400. உள்ளே அடங்கும் வட்டம் 1256 ஆக முடியாது. பட்டறையில் இந்தத் தவறு நடந்தால், ஆறு மடங்கு தாங்கும் என்று நம்பித் தொங்கவிட்ட கம்பி ஒன்றரை மடங்கில் நெகிழ்ந்துவிடும்.