பச்சைப் பாவாடை வேண்டாம்: பள்ளிப் போட்டோக்காரரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வியாழக்கிழமை எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளைப் படமெடுக்க வருகிறேன். சீருடை தேவையில்லை, கலர் டிரெஸ் போடலாம் என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். 'என்ன கலர் சார்?' என்று அன்று காலை வாசலில் கேட்டால் நேரம் கடந்திருக்கும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

பச்சை மட்டும் வேண்டாம். பிள்ளைக்குப் பின்னால் நான் கட்டுவது பச்சைத் துணி. பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் பச்சையை நீக்கிவிட்டு, நீங்கள் கேட்கும் தோட்டத்தையோ நூலகத்தையோ வைப்பேன். தோல் கறுப்போ சிவப்போ, அதில் இந்தப் பச்சை இருக்காது. அதனால்தான் பச்சைத் துணியைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் எது திரை, எது பாவாடை என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கிளிப்பச்சைப் பட்டுப் பாவாடையும் சிவப்பு ரவிக்கையுமாக ஒரு குழந்தை நின்றால், திரையோடு பாவாடையும் காணாமல் போய், இடுப்புக்குக் கீழே தோட்டம் தெரியும். பாட்டில் பச்சை என்றால் முழுவதும் போகாது. வெளிச்சம் பட்ட மடிப்புகளில் மட்டும் ஓட்டை விழும். மடிப்பு மடிப்பாகக் கையால் வரைந்து பாவாடையை மீட்கலாம்தான். ஒரு படத்துக்குச் செய்யலாம், பள்ளி முழுவதற்கும் முடியாது. எலுமிச்சை மஞ்சளும் பச்சைக்குப் பக்கத்தில் இருப்பதால் சந்தேகம்தான். மருதாணி பயமில்லை, சிவந்துவிட்டிருக்கும். அரக்கு, கருநீலம், ஊதா, ரோஸ் எல்லாம் தாராளமாகப் போடலாம்.

பளீரென்று அடிக்கும் ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு, ரோஸ் வகைகளில் வேறு சிக்கல். பிளாஷ் வெளிச்சம் சட்டையில் பட்டுத் திரும்பித் தாடையின் கீழ்ப்பக்கத்தில் ஏறும். கண்ணாடியில் இது தெரியாது. படத்தில் கழுத்தில் சாயம் பூசியது போல இருக்கும்.

மிக நெருக்கமான பொடிக்கட்டம், பொடிக்கோடு போட்ட சட்டையும் வேண்டாம். கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. துணியின் கோடுகளும் கிட்டத்தட்ட அதே நெருக்கத்தில் விழுந்தால், இரண்டும் மோதி, சட்டையில் இல்லாத வளைகோடுகள் படத்தில் நெளியும். வீட்டிலேயே சோதிக்கலாம்: ஐந்தாறு அடி தள்ளி நின்று போனில் சட்டையைப் படமெடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். அப்போதும் நெளிந்தால் வேறு சட்டை எடுங்கள்.

அடுத்தது பவுடர். குழந்தை பளிச்சென்று இருக்கட்டும் என்று பலர் கூடுதலாக ஒரு கை அப்பிவிடுகிறார்கள். பவுடரின் வெள்ளைத் துகள்கள் பிளாஷை அப்படியே திருப்பி அனுப்பும். முகம் சாம்பல் பூத்து, கழுத்து மட்டும் சொந்த நிறத்தில் நிற்கும். இருட்டறையில் போன் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தால் இது தெரிந்துவிடும். எண்ணெய் இதற்கு நேர்மாறு. நெற்றியில் வழியும் தேங்காயெண்ணெய் வெள்ளைத் திட்டாக மின்னும். அந்தத் திட்டுக்குள் தோலின் நிறமே பதிவாகியிருக்காது, கம்ப்யூட்டரில் தேடினாலும் கிடைக்காது. முதல்நாள் எண்ணெய் வைத்துத் தலைக்குக் குளிப்பாட்டினால் போதும். பொட்டு, திருநீறு எல்லாம் வழக்கம் போலவே இருக்கட்டும்.

முடி வெட்டுவதென்றால் இந்த வாரம் வேண்டாம், போன வாரமே வெட்டியிருந்தால் நல்லது. புதிதாக வெட்டினால் காதோரத்திலும் பிடரியிலும் வெயில் படாத தோல் வெளிறித் தெரியும். நெற்றியில் விழும் முடியைக் கிளிப் போட்டு ஒதுக்கினால் கண்மேல் நிழல் விழாது. மல்லிகைச்சரத்தைப் பின்பக்கமாக வையுங்கள். கதம்பத்தில் மரிக்கொழுந்து வேண்டாம், பச்சையின் கதை அதற்கும் உண்டு.

இனி சிரிப்பு. 'சீஸ் சொல்லு' என்று வீட்டில் ஒத்திகை பார்க்காதீர்கள். டுஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே இதைப் பற்றி எழுதிவைத்தார். உதட்டோரத்தை இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும். கண்ணைச் சுற்றியிருக்கும் தசை பெரும்பாலும் உள்ளுக்குள் சந்தோஷம் வந்தால்தான் அசையும். ஒத்திகை பார்த்த பிள்ளைக்குப் பல் தெரியும், கண் மட்டும் பயந்து நிற்கும். நான் கேட்பது, 'உனக்கு அம்பது வயசுதானே?' என்பது போல ஏதாவது. 'இல்ல அங்கிள்!' என்று மறுத்துவிட்டு அது சிரிக்கும்போது பட்டனை அழுத்துவேன். அந்த நேரத்தில் பக்கவாட்டில் நின்று நீங்கள் கையாட்டினால் பார்வை அங்கே ஓடிவிடும். உள்ளே வந்தே ஆகவேண்டும் என்றால் என் முதுகுக்கு நேர் பின்னால் நில்லுங்கள். பல் விழுந்த பிள்ளையிடம் வாயை மூடிக்கொள்ளச் சொல்லாதீர்கள். ஞாபகம் வந்தால் உதட்டை இறுக்கிவிடும். சிரிக்காத சுபாவமுள்ள பிள்ளை சிரிக்காமலே இருக்கட்டும், அதுதான் அதன் முகம்.

காலை டிபன் முடிந்த பிறகு டிரெஸ்ஸை மாட்டிவிடுங்கள். பையில் மாற்றுச் சட்டை ஒன்று இருக்கட்டும், அதுவும் பச்சையாக இல்லாமல்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளிப் போட்டோக்காரர்