வானம் வெளுத்தால் புகைமூட்டமா?

ஜூன், ஜூலை மாதங்களில் நல்ல வெயில் அடிக்கும் ஒரு பிற்பகலில் வானத்தைப் பாருங்கள். மேகம் அதிகம் இருக்காது. ஆனாலும் நீலம் காணாமல் போய், பாலில் தண்ணீர் கலந்ததுபோல் வானம் வெளுத்திருக்கும். தூரத்துக் கட்டடங்கள் மங்கித் தெரியும். "புகைமூட்டம் வந்துவிட்டது, திடலில் விளையாடக் கூடாது" என்பார் ஒருவர். கைப்பேசியில் காற்றின் தரத்தைப் பார்த்த இன்னொருவர் "மிதமான நிலைதான்" என்பார். இரண்டு மணி நேரத்தில் இடியுடன் மழை கொட்டும்.

இருவரில் யார் சொல்வது சரி? இதைத் தெரிந்துகொள்ள, வானிலைக்காரர்கள் மங்கலை எப்படி அளக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம்.

பழைய முறை எளிமையானது. விமான நிலையத்தில் பணியாற்றும் வானிலை நோக்குநர் உயரமான இடத்தில் நின்று சுற்றிலும் பார்ப்பார். எந்தக் குன்று, எந்தக் கோபுரம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது அவரிடம் வரைபடமாக இருக்கும். அடையாளம் காண முடிகிற மிகத் தூரமான பொருள் எதுவோ, அதன் தூரமே பார்வைத் தொலைவு. பொருள் கருமையாக இருக்க வேண்டும், பின்னணியில் அடிவானம் இருக்க வேண்டும். வெள்ளைக் கட்டடம் இதற்கு உதவாது. காற்று தெளிவாக இருக்கும்போதே அது வானத்தோடு கலந்துவிடும்.

கருமையான குன்று ஏன் மறைகிறது? நமக்கும் குன்றுக்கும் இடையில் உள்ள துகள்கள் சூரிய ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. தூரம் கூடக் கூட இந்த வெளிச்சத் திரை தடிமனாகி, குன்றுக்கும் வானத்துக்கும் உள்ள வேறுபாடு தேய்கிறது. 1924ஆம் ஆண்டு ஜெர்மானிய வானிலையாளர் ஹரால்ட் கோஷ்மீடர் இதைக் கணக்காக எழுதினார். இன்று பயன்படும் எளிய வடிவம் இது:

V = 3 / σ

V என்பது கிலோமீட்டரில் பார்வைத் தொலைவு. σ (சிக்மா) என்பது ஒளி ஒவ்வொரு கிலோமீட்டரிலும் எவ்வளவு வேகமாகக் குன்றுகிறது என்பதைக் காட்டும் எண். 3 என்பது, வேறுபாடு 20இல் ஒரு பங்காகக் குறையும் தூரத்தை எல்லையாக வைத்துக்கொண்டதால் வந்தது.

இப்போது பல விமான நிலையங்களில் கண்ணுக்குப் பதில் கருவியே இந்த σவை அளக்கிறது. ஒரு கையிலிருந்து ஒளிக்கற்றை புறப்படும். மறுகையில் உள்ள உணர்கருவி, நேராக வரும் ஒளியைப் பார்க்காமல், நடுவில் உள்ள காற்று சற்றுப் பக்கவாட்டில் சிதறடிக்கும் ஒளியை மட்டும் பார்க்கும். சிதறல் கூடினால் பார்வைத் தொலைவு குறைவு. கருவி பார்ப்பது ஒரு சிறு கைப்பிடிக் காற்றை மட்டுமே என்பது இதன் குறை. பக்கத்திலேயே புல் எரிந்தால், ஊரே மங்கிவிட்டதாகச் சொல்லும்!

சமையலறை உப்பு ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும் அல்லவா? காற்றில் மிதக்கும் துகள்களில் பலவும் இப்படித்தான். வாகனங்கள், மின்நிலையங்கள் வெளியிடும் வாயுக்களிலிருந்து அம்மோனியம் சல்பேட் என்ற உப்பு காற்றிலேயே உருவாகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறி 80 விழுக்காட்டைத் தொடும்போது, உலர்ந்த துகள் கரைந்து நீர்த்துளியாக மாறுகிறது; அதன் விட்டம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. பரப்பு இரு மடங்குக்கு மேல் பெருகுவதால் ஒளிச் சிதறலும் அதற்கேற்பக் கூடுகிறது.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். உலர்ந்த நிலையில் ஒரு கனமீட்டர் காற்றில் 25 மைக்ரோகிராம் நுண்துகள் இருக்கிறது, σ 0.1 என்று வையுங்கள். 3ஐ 0.1ஆல் வகுத்தால் 30 கிலோமீட்டர். துகள்கள் ஊதிப்போய்ச் சிதறல் இரண்டரை மடங்கானால் σ 0.25, பார்வைத் தொலைவு 12 கிலோமீட்டர். காற்றில் ஒரு துகள்கூடப் புதிதாகச் சேரவில்லை, தண்ணீர் மட்டும்தான் சேர்ந்தது.

நிறம் வெளுப்பதும் இதனால்தான். காற்று மூலக்கூறுகள் மிகச் சிறியவை. அவை நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கும். ஊதிய துகளோ எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். எல்லாம் கலந்தால் வெண்மை.

"பிற்பகலில் தரையருகே ஈரப்பதம் 60 விழுக்காடுதானே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் நாம் பார்ப்பது தலைக்கு மேலே உள்ள காற்றை. வெயிலில் சூடான காற்று மேலெழும்பும்போது கிலோமீட்டருக்குப் பத்து பாகை அளவில் குளிர்கிறது. தரையில் 32 பாகை, 60 விழுக்காடு என்றால், 700 மீட்டர் உயரத்தில் அதே காற்று 25 பாகையாகி, ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டிவிடும். சுமார் 1,100 மீட்டரில் மேகமே பிறக்கும். அதற்குக் கீழே உள்ள அடுக்கில் துகள்கள் ஊதிக்கொண்டிருக்கின்றன. இடிமழையைக் கொண்டுவரும் ஈரமான, மேலெழும் காற்றே வானத்தையும் வெளுக்க வைக்கிறது. தூரத்து இடிமேகத்தின் உச்சியிலிருந்து பரவும் மெல்லிய பனிப்படிக மேகமும் சில நாள்களில் இதில் சேர்ந்துகொள்ளும். கிழக்கு அமெரிக்காவின் கோடைவானம் வெளுத்திருப்பதற்கும் சல்பேட்டும் ஈரமும் முக்கியக் காரணங்கள்.

காற்றின் தரத்தை அளக்கும் நிலையம் வேறு கதை சொல்வது இதனால்தான். அங்குள்ள பிஎம் 2.5 கருவி, இழுக்கும் காற்றை இலேசாகச் சூடாக்கி உலர்த்திவிட்டே துகளை வடிதாளில் படிய வைத்து அளக்கிறது. தண்ணீர் கணக்கில் வராது. நுரையீரலுக்குக் கவலை தருவது அந்த உலர்ந்த பொருள் என்பதால் இது நியாயமான முறை. வீட்டில் வாங்கி வைக்கும் மலிவான உணர்கருவிகள் பெரும்பாலும் உலர்த்துவதில்லை. ஈரமான விடியற்காலையில் அவை எண்ணைக் கூட்டிக் காட்டும். பயப்படுவதற்கு முன் நிலையத்தின் எண்ணைப் பாருங்கள்.

உண்மையான புகைமூட்டம் வந்தால் அந்த எண்ணே எகிறும். 2013 ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் சிங்கப்பூரின் மூன்று மணி நேரக் குறியீடு 401ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து மூவாரில் 746 பதிவாகி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்போது கரிச்சதுப்பு நிலம் எரியும் வாடை வீட்டுக்குள்ளும் வந்தது, சூரியன் செம்பந்தாகத் தெரிந்தது. வெறும் ஈரத்தால் வெளுத்த வானத்தில் வாடை இராது. சூரியனைச் சுற்றிக் கண்கூசும் வெண்மைதான் இருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. விமான நிலைய வானிலை அறிக்கைகள் இணையத்தில் எவரும் பார்க்கக் கூடியவை. ஒரு மாதிரி வரி:

```
WSSS 210400Z 16004KT 4000 HZ FEW018 33/22 Q1008
```

WSSS சாங்கி. 4000 என்பது மீட்டரில் பார்வைத் தொலைவு. 10 கிலோமீட்டரும் அதற்கு மேலும் என்றால் 9999 என்றிருக்கும். HZ உலர் மங்கல், BR ஈர மூடுபனி. கவனிக்க வேண்டியது 33/22: வெப்பநிலையும் பனிநிலையும். இடைவெளி 11 பாகை என்றால் தரையருகே காற்று வறண்டிருக்கிறது. வறண்ட காற்றில் 4 கிலோமீட்டர்தான் தெரிகிறது என்றால் உலர்ந்த துகளே ஏராளமாக இருக்கிறது, திடலுக்குப் போக வேண்டாம். அங்கே 25/24 என்று இருந்து, பிஎம் 2.5 எண்ணும் குறைவாக இருந்தால், மங்கலில் பெரும்பங்கு தண்ணீர்.

மழை விட்டதும் வானம் பளிச்சென்று நீலமாவதைப் பார்த்து, மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது என்கிறோம். பாதிதான் உண்மை. விழும் மழைத்துளி பெரிய தூசியை நன்றாகப் பிடிக்கும். ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகளோ, துளியைச் சுற்றி வழியும் காற்றோடு நழுவிவிடும். அவற்றில் பல, மேகத்துளியின் கருவாக மாறி மழையோடு இறங்குகின்றன. மற்றொரு பங்கு வேலையை, இடிமேகத்திலிருந்து கீழே பாயும் குளிர்காற்று செய்கிறது: உயரத்திலிருந்த தெளிந்த காற்றைத் தரைக்குக் கொண்டுவந்து, மங்கிய காற்றைத் தள்ளிவிடுகிறது. மழைக்குச் சற்று முன் முகத்தில் சில்லென்று அடிக்கிறதே, அந்தக் காற்றுதான் அது.