குழுவில் வாக்கெடுப்பு: பெயர் தெரியுமா?

காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் பட்டு நெய்யும் நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாவும் சரிகையும் தரும் வியாபாரியும் அதே குழுவில்தான் இருக்கிறார். "இப்போதைய கூலி போதுமா?" என்று ஒருவர் வாக்கெடுப்பு நடத்துகிறார். யார் எப்படி வாக்களித்தார் என்பது வியாபாரிக்குத் தெரியுமா?

வாக்கெடுப்பை அமைப்பது எளிது. செய்தி எழுதும் இடத்தருகே உள்ள இணைப்புக் குறியைத் தொட்டு, Poll என்பதைத் தேர்ந்து, கேள்வியையும் விடைகளையும் எழுதி அனுப்ப வேண்டும். 2022 நவம்பரில் இவ்வசதி வந்தபோது பன்னிரண்டு விடைகள் வரை தர இடமிருந்தது. Allow multiple answers என்றொரு பொத்தானும் உண்டு. அதை அணைக்காவிட்டால் ஒருவரே பல விடைகளைத் தொடலாம். கூட்டம் நடத்த எந்த நாள் வசதி என்ற கேள்விக்கு முப்பது பேர் வாக்களித்து, சனிக்கு 18, ஞாயிறுக்கு 22, செவ்வாய்க்கு 10 என்று விழுந்தால், கூட்டுத்தொகை 50 ஆகிறது. இதைக் கண்டு கள்ள வாக்கு என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் கூலிக் கேள்விக்கு அந்தப் பொத்தானை அணைத்தே தீர வேண்டும். இல்லையேல் ஒருவரே "போதும்", "போதாது" இரண்டையும் தொட்டுவிடுவார்.

இனி, எண்ணுவது யார்? வாட்ஸ்அப் செய்திகள் பூட்டிய பெட்டிகளைப் போலச் சங்கேதமாக்கப்பட்டுச் செல்கின்றன. இடையிலுள்ள நிறுவனத்தின் கணினியால் அவற்றைப் பிரித்துப் படிக்க முடியாது. வாக்கும் அப்படிப்பட்ட ஒரு செய்திதான். ஆகவே நடுவில் எண்ணுவதற்கு ஆள் இல்லை. ஒவ்வொருவர் கைபேசியும் தனக்கு வந்த வாக்குகளைத் தானே எண்ணிக்கொள்கிறது. ஒருவர் மனம் மாறி வேறு விடையைத் தொட்டால், அவருடைய பழைய வாக்கை நீக்கிப் புதியதைச் சேர்க்க வேண்டுமல்லவா? அதற்கு வாக்கு யாருடையது என்பது எண்ணும் கைபேசிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயர்களைத் திரையிலும் காட்டுகிறார்கள். வழக்கமான வாக்கெடுப்பில் View votes என்பதைத் தொட்டால், எந்த விடைக்கு யார் யார் என்ற பட்டியலே விரிகிறது. வியாபாரியும் அதைப் பார்க்கலாம். கூலி போதாது என்று நினைக்கும் நெசவாளி வாய்மூடி இருந்துவிடுவார். விழும் வாக்குகளோ "போதும்" என்றே சொல்லும்!

டெலிகிராமில் ஏற்பாடு வேறு. அங்கே குழுச் செய்திகளை நிறுவனத்தின் கணினி படிக்க முடியும், எண்ணுவதும் அதுவே. அதனால் உறுப்பினர்களுக்கு எண்ணிக்கையை மட்டும் காட்டிப் பெயர்களை மறைக்க இயலுகிறது. Anonymous voting என்பது இயங்கும் நிலையில் இருந்தால் வாக்கெடுப்பைத் தொடங்கியவருக்கும் பெயர் தெரியாது. நிறுவனத்தின் கணினி மட்டும் அறியும்.

இந்த மறைவுக்கும் எல்லை உண்டு. வாக்களித்த எல்லாரும் "போதாது" என்றே சொல்லியிருந்தால் ஒவ்வொருவர் வாக்கும் வெளிச்சம். ஒருவர் வாக்களிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் தம் திரையில் எந்த எண் ஏறுகிறது என்று பார்த்தாலும் கதை முடிந்தது. கூலி போன்ற கேள்விக்கு, ஒரே மாதிரியான துண்டுத்தாள்களை மடித்துக் குடத்தில் போட்டு, எல்லாரும் போட்டபின் குலுக்கி எண்ணுவதில் இந்த இரண்டாவது வழியாவது அடைபடுகிறது.