பக்கவாட்டில் நகரும் ரோபோ: கணக்கு சொன்னது ஒரு மீட்டர், தரை கொடுத்தது 91 சென்டிமீட்டர்

(மூன்றாம் ஆண்டு, மெக்கட்ரானிக்ஸ்)



நெரிசலான தெருவில் காரை இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நிறுத்துபவரைப் பார்த்திருப்பீர்கள். முன்னே, பின்னே, மறுபடி முன்னே என்று நாலைந்து தடவை ஒடிப்பார். வண்டி அப்படியே பக்கத்தில் நகர்ந்தால் எவ்வளவு சுலபம்! அப்படி நகரும் சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் சுவீடன் நாட்டு எஞ்சினியர் பெங்க்ட் இலான். இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1975-ல் கிடைத்தது. அவர் வேலை பார்த்த மெக்கானம் கம்பெனியின் பெயரே சக்கரத்துக்கும் நிலைத்துவிட்டது. இந்த ஆண்டு எங்கள் புராஜெக்டில் இதே சக்கரத்தில் ஒரு ரோபோ செய்தோம். அதில் நாங்கள் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

சக்கரத்தின் அமைப்பு

மெக்கானம் சக்கரத்தின் விளிம்பில் டயர் கிடையாது. பீப்பாய் வடிவச் சின்ன ரோலர்கள் வரிசையாக, சக்கரத்தின் அச்சுக்கு 45 டிகிரி சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். மோட்டார் சுற்றுவது சக்கரத்தை மட்டும்தான். ரோலர்களுக்கு மோட்டார் கிடையாது, தரை உருட்டினால் உருளும். ரோலர் தன் குறுக்கே சும்மா உருண்டு விடுவதால் அந்தத் திசையில் தரையைப் பிடிக்காது. தன் அச்சின் நீளவாக்கில் மட்டுமே பிடித்துத் தள்ளும். ஆகவே ஒவ்வொரு சக்கரமும் வண்டியை நேராகத் தள்ளாமல் 45 டிகிரி கோணலாகத் தள்ளுகிறது.

முன் இடது சக்கரம் முன்னோக்கிச் சுற்றினால் வண்டியை முன்-வலப்பக்கம் தள்ளும். பின் இடது சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால் பின்-வலப்பக்கம் தள்ளும். முன்னும் பின்னும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, மிச்சம் நிற்பது வலப்பக்கம் மட்டும்! வலது பக்கச் சக்கரங்களில் முன்னது பின்னோக்கியும் பின்னது முன்னோக்கியும் சுற்ற வேண்டும். இதுதான் பக்கவாட்டு நகர்வின் ரகசியம்.

நான்கு வரிக் கணக்கு

F என்பது முன்னோக்கும் வேகம், S வலப்பக்க வேகம், W கடிகாரச் சுற்றில் திரும்பும் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன், பின் அச்சுகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதியையும், இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதியையும் கூட்டினால் வருவது K. முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்ற வரிசையில் விளிம்பு வேகங்கள்:

```
FL = F + S + K*W
FR = F - S - K*W
RL = F - S + K*W
RR = F + S - K*W
```

இவற்றைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் ஒவ்வொரு மோட்டாரும் சுற்ற வேண்டிய வேகம் வந்துவிடும்.

இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. வண்டியை மேலிருந்து பார்த்தால் நான்கு சக்கரங்களின் ரோலர்களும் சேர்ந்து பெருக்கல் குறி போலத் தெரிய வேண்டும். நாங்கள் முதல் நாள் இடது, வலது சக்கரங்களை மாற்றி மாட்டிவிட்டோம். அப்படி மாட்டினால் சக்கரங்கள் தள்ளும் கோடுகள் வண்டியின் நடு மையத்தை நோக்கியே போகும். மையத்தைப் பார்த்துத் தள்ளினால் வண்டி எப்படித் திரும்பும்? "திரும்பு" என்றால் மோட்டார்கள் உறுமின, ரோபோ இருந்த இடத்தில் நடுங்கியது.

எங்கே போனது 9 சென்டிமீட்டர்?

எங்கள் சக்கரத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 314 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் போக 3.18 சுற்று போதும். லேப் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு முதலில் முன்னோக்கி ஓட்டினோம். டேப்பில் அளந்தால் ஏறக்குறைய சரியாக ஒரு மீட்டர். பிறகு அதே 3.18 சுற்று வலப்பக்கம். என்கோடர் ஒரு மீட்டர் என்றது, டேப் 91 சென்டிமீட்டர் என்றது! புரோகிராமில் தப்பு என்று இரண்டு நாள் தேடினோம். அப்போதுதான் லேப் சார் வந்து, "ஏம்பா, சக்கரம் சுத்தினதை எண்ணினீங்க, சரி. ரோலர் உருண்டதை யாரு எண்ணினா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் விஷயம் விளங்கிவிட்டது. நேராகப் போகும்போது ரோலர்கள் உருளவே வேண்டியதில்லை. சக்கரம் சாதாரணச் சக்கரம் போலவே ஓடும். பக்கவாட்டில் போகும்போதோ தரையைத் தொடும் ரோலரின் மேற்பரப்பு வண்டியின் வேகத்தைப் போல 1.41 மடங்கு வேகத்தில் உருண்டாக வேண்டும். ரோலர்கள் சுத்தமாக இறுகிவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள். நேராகப் போவதில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் பக்கவாட்டில் முன் சக்கரமும் பின் சக்கரமும் எதிரெதிராகத் தரையைத் தேய்க்கும், வண்டி நகராது. என்கோடர் மட்டும் "ஒரு மீட்டர் போயாச்சு" என்று பொய் சொல்லும். எங்கள் ரோலர்கள் பாதி இறுக்கம், அதனால் பாதிப் பொய். ரோலர் ஊசிகளில் தூசியைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் 91 என்பது 95 ஆனது. (எண்ணெய் ரோலரின் ரப்பர் மீது பட்டால் பிடிப்பு போய் நிலைமை இன்னும் மோசமாகும், ஜாக்கிரதை!)

முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும்

தூரம் குறைந்ததைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. ஒரு மீட்டர் போவதற்குள் ரோபோ 4 டிகிரி திரும்பிவிட்டது. காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. மேடு பள்ளத் தரையில் முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும். விறைப்பான சட்டத்தில் நான்கு சக்கரம் மாட்டினால் ஏதோ ஒன்று தரையை லேசாகத்தான் தொடும். பேட்டரியை ஒரு மூலையில் வைத்திருந்ததால் எதிர் மூலைச் சக்கரத்துக்குப் பாரமே இல்லை. சாதாரண வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை. இங்கே நான்கு தள்ளலும் ஒன்றையொன்று சரியாக அடித்துக்கொண்டால்தான் வண்டி நேராக நகரும். ஒன்று குறைந்தால் மற்ற மூன்றும் வண்டியைத் திருப்பிவிடும்.

4 டிகிரி என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். அந்த மீட்டர் முடிவதற்குள்ளேயே ரோபோ கோட்டைவிட்டு 3 சென்டிமீட்டர் விலகிவிட்டது. அதே கோணலோடு இன்னொரு மீட்டர் போனால் மேலும் 7 சென்டிமீட்டர். தூரத் தப்பு அப்படியே கூடும், திசைத் தப்பு வட்டியோடு கூடும்.

கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

மேலே உள்ள நான்கு வரிகளில் முதல் இரண்டைக் கூட்டுங்கள், கடைசி இரண்டையும் கூட்டுங்கள். இரண்டுமே 2F. எனவே எந்த நேரமும் FL + FR = RL + RR என்று இருக்க வேண்டும். என்கோடர் எண்கள் இதற்குப் பொருந்தாவிட்டால் எங்கோ வழுக்கல் நிச்சயம். ஆனால் பொருந்தினால் வழுக்கல் இல்லை என்று அர்த்தமில்லை! எங்கள் ரோபோ 9 சென்டிமீட்டர் தொலைத்தபோதும் இந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஏனென்றால் கண்ட்ரோலர் நான்கு சக்கரங்களையும் சொன்ன வேகத்திலேயே சுற்ற வைத்துவிட்டது.

பக்கவாட்டுக்கு மட்டும் ஒரு திருத்த எண் போடலாம். 100 கேட்டு 95 கிடைத்தால் 0.95 ஆல் வகுத்துக் கட்டளை கொடுக்க வேண்டும். லேப் தரையில் இது பலித்தது. செமினார் ஹால் வழவழப்புத் தரையில் மறுபடி தப்பியது. தரை மாறினால், பாரம் மாறினால் அந்த எண்ணும் மாறும்.

கடைசியில் கைகொடுத்தவை மூன்று. பேட்டரியை நடுவுக்கு மாற்றினோம். முன் அச்சை நடுவில் ஒரு முளையில் தொங்கவிட்டோம், நாற்காலி முக்காலி ஆனது போல நான்கு சக்கரமும் தரையைத் தொட்டன. திசைக்கு ஒரு ஜைரோவும், பக்கவாட்டுத் தூரத்துக்கு மோட்டார் இல்லாத ஒரு சின்னச் சக்கரமும் வைத்தோம். ஸ்பிரிங் அதைத் தரையோடு அழுத்தும், அதன் தலையில் தனி என்கோடர். அது எதையும் தள்ளுவதில்லை, அதனால் வழுக்குவதும் மிகக் குறைவு. இப்போது ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் நிற்கிறது.

அடுத்த ஆண்டு இந்த ரோபோவை எடுக்கப்போகும் ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை: டேப்பும் சாக்பீஸும் ரோபோவின் பெட்டியிலேயே இருக்கின்றன. புரோகிராமைத் திறப்பதற்கு முன் ரோலர்களை விரலால் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள். எது இறுகியிருக்கிறது என்று விரலே சொல்லிவிடும்.