சாவி யார் கையில்?

ஒரு சின்ன ஆண்ட்ராய்டு ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் விலகும்போது, அடுத்து வருபவருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுப்பார். கோட் எங்கே இருக்கிறது, எந்தத் திரையில் என்ன சிக்கல் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவற்றை எழுத மறந்தாலும் பரவாயில்லை, கோடைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். கையொப்பச் சாவியை மட்டும் அப்படிப் படித்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஆப்பின் ஒவ்வொரு பதிப்பும் இந்தச் சாவியால் கையொப்பமிடப்பட்டே வெளிவருகிறது. அப்டேட் வரும்போது, போனில் ஏற்கெனவே உள்ள ஆப்பின் கையொப்பத்தோடு அது பொருந்துகிறதா என்று ஆண்ட்ராய்டு பார்க்கும். பொருந்தாவிட்டால் உள்ளே விடாது. யாரோ ஒருவர் அதே பெயரில் வேறொன்றை நுழைத்துவிடாமல் காப்பது இந்தச் சோதனைதான்.

2016-இல் வெளியான ஒரு வீட்டுக்கணக்கு ஆப்பை எடுத்துக்கொள்வோம். வரவு செலவு எல்லாம் போனுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. சாவி, விலகுபவரின் லேப்டாப்பில் `release.jks` என்ற கோப்பாக மட்டுமே இருக்கிறது. அது தொலைந்தால் பழைய ஆப்புக்கு இனி அப்டேட் கிடையாது. வேறு பேக்கேஜ் பெயரில் புது ஆப்பாகத்தான் போட வேண்டும். வைத்திருப்பவர்கள் தாங்களாகவே தேடிப் புதியதை நிறுவ வேண்டும். பழையதை நீக்கினால் பல வருடக் கணக்கும் அதோடு போய்விடும்.

ஆகவே குறிப்பில் முதலில் வர வேண்டியவை: சாவிக் கோப்பு எங்கே, அதற்குள் சாவியின் பெயர் என்ன, இரண்டு கடவுச்சொற்களும் எந்த வழியில் வந்து சேரும். கோப்பையும் கடவுச்சொல்லையும் ஒரே மெயிலில் அனுப்பக் கூடாது. கோடோடு சேர்த்தும் வைக்கக் கூடாது. கடவுச்சொல் மறந்துபோனால் கோப்பு கையில் இருந்தும் பயனில்லை, மீட்டுத் தர யாரும் இல்லை.

சரியான சாவிதானா என்பதை இரண்டு கட்டளைகளால் பார்க்கலாம்:

```
keytool -list -v -keystore release.jks
apksigner verify --print-certs app.apk
```

இரண்டும் காட்டும் SHA-256 எண் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று சாவிக் கோப்பின் எண், மற்றது மக்கள் போனில் இருக்கும் ஆப்பின் எண்.

அடுத்து, புதியவர் தன் கணினியிலேயே ஆப்பைக் கட்டி, ஸ்டோரிலிருந்து இறக்கிய பழைய பதிப்பின் மேல் நிறுவிப் பார்க்க வேண்டும். வெறும் போனில் நிறுவிவிட்டுத் திருப்தியடைவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தன் சோதனைச் சாவியால் கையொப்பமிட்டிருந்தாலும் அங்கே ஆப் தடங்கலின்றி ஓடும். பழைய பதிப்பின் மேல் நிறுவும்போதுதான் `INSTALL_FAILED_UPDATE_INCOMPATIBLE` என்று வந்து குட்டு வெளிப்படும்.

பிளே ஸ்டோரில் இதற்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. 2021 ஆகஸ்டுக்குப் பின் வந்த புது ஆப்புகளின் கையொப்பச் சாவியைக் கூகுளே வைத்திருக்கிறது. டெவலப்பரிடம் இருப்பது ஸ்டோருக்கு ஏற்றும் சாவி மட்டும். இது தொலைந்தால், கணக்கின் உரிமையாளர் கேட்டு வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். நம் 2016 ஆப் போன்ற பழையவற்றையும் இந்த ஏற்பாட்டில் சேர்க்கலாம். ஆனால் அதற்குப் பழைய சாவியைக் கூகுளிடம் கொடுக்க வேண்டும். அது கையில் இருக்கும்போதே, விலகுபவர் கிளம்புவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து செய்துவிட வேண்டிய வேலை இது.