‘உடையாது’ என்று எழுதியது நான்தான்

பல்கலைக்கழக விடுமுறையில் கிள்ளானில் உள்ள ஒரு செல்லப்பிராணிக் கடையில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தேன். கடையின் இணைய விற்பனைப் பக்கத்தில் ஒவ்வொரு பொருளையும் பற்றி நான்கைந்து வரி எழுதுவதுதான் வேலை. மொழிப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்குபவள் என்பதால் சுலபமாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் வாரத்தில் எழுதியவற்றுள் ஒன்று நாய்கள் கடித்து விளையாடும் ரப்பர் பொம்மை. உள்ளே வெற்றிடம் இருக்கும். ஒரு துளை வழியாக உணவை நிரப்பிக் கொடுக்கலாம். விலை 24 ரிங்கிட் 90 சென். பெட்டியில் இருந்ததைப் பார்த்து இப்படி எழுதினேன்: “நடுத்தர இன நாய்களுக்கு ஏற்றது. பாதுகாப்பான ரப்பர். உடையாது, நீண்ட நாள் உழைக்கும்.”

மூன்று வாரம் கழித்து அதை வாங்கிய அக்கா ஒருவர் பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தார். துளையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவு துண்டு இல்லை. அது அவருடைய பீகல் நாயின் குடலில் சிக்கி, வாந்தி நிற்காமல், அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்திருக்கிறார்கள். நாய் பிழைத்துவிட்டது. “உடையாதுன்னு போட்டிருந்துச்சே தங்கச்சி, அதை நம்பித்தானே கொடுத்துட்டு சமைக்கப் போனேன்” என்றார். எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

முதலாளி அண்ணன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் அன்று மாலை அந்த மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

முதலில் ‘நடுத்தர இனம்’. பெட்டியில் M என்ற எழுத்தும் அதனருகில் ஒரு பீகல் படமும் இருந்தன. அந்த அக்கா படத்தைப் பார்த்துத்தான் வாங்கினார். ஆனால் அவருடைய நாய் 16 கிலோ. அமெரிக்க இனத் தரத்தின்படி பார்த்தாலே பீகலில் இரண்டு வகை உண்டு: 13 அங்குல உயரம் வரை ஒன்று, 13 முதல் 15 அங்குலம் வரை மற்றொன்று. பூடில் இன்னும் மோசம். 10 அங்குலத்துக்கு உட்பட்டதும் பூடில்தான், 15 அங்குலத்தைத் தாண்டியதும் பூடில்தான். இனத்தின் பெயர் ஓர் அளவு அல்ல. S, M, L எழுத்துகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

அப்படியானால் எதை எழுதுவது? பொருளுக்குப் பொருள் அது வேறுபடும். நெஞ்சுப் பட்டை என்றால், முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்த சென்டிமீட்டர்தான் முக்கியம். கடிக்கும் பொம்மை என்றால் நாயின் எடையும், பொம்மையின் மிகக் குறுகிய பக்கத்தின் அளவும் வேண்டும். பொம்மை முழுவதும் வாய்க்குள் போய்க் கடைவாய்ப் பற்களைத் தாண்டுமானால் அது தொண்டையை அடைத்துவிடலாம். அந்த M பொம்மையை ஸ்கேல் வைத்து அளந்தேன்: நீளம் 9 செ.மீ., குறுகிய பக்கம் 5.5 செ.மீ.

அடுத்தது ‘பாதுகாப்பான ரப்பர்’. இந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன சோதனை இருக்கிறது என்று தேடினேன். அமெரிக்காவில் 2008-இல் வந்த ஒரு சட்டம், குழந்தைகளின் பொம்மைகளில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் சில தாலேட் வகைகள் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. செல்லப்பிராணிப் பொம்மைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே பெட்டியில் ‘நச்சற்றது’ என்று இருந்தால், எந்தப் பொருளால் செய்தது, யார் சோதித்தது என்று விநியோகிப்பாளரிடம் கேட்க வேண்டும். கேட்டேன். இயற்கை ரப்பர் என்று பதில் வந்தது. சோதனை அறிக்கை வரவில்லை. எனவே ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, தெரிந்ததை மட்டும் எழுதினேன்.

இயற்கை ரப்பரைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வீட்டிலேயே ஆள் இருந்தார். தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். “ரப்பருக்கு எண்ணெய் ஆகாதும்மா. வெயிலும் ஆகாது” என்றார். உண்மைதான். எண்ணெய் பட்டுக்கொண்டே இருந்தால் இயற்கை ரப்பர் ஊறிப் பருத்து வலுவிழக்கும். வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் வரும். அந்த அக்கா தினமும் கடலை வெண்ணெய் நிரப்பிக் கொடுத்து, கழுவாமல் ஐந்தடியில் போட்டு வைத்திருந்தார். கிழிந்த இடம் வெண்ணெய் தங்கும் துளையின் ஓரம். எண்ணெய்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 16 கிலோ நாயின் தாடை பலமும் சேர்ந்திருக்கும். ஆனால் கழுவச் சொல்லி நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

அதற்காகக் கல் போன்ற பொம்மைதான் நல்லது என்றும் சொல்ல முடியாது. நகத்தால் அழுத்தினால் சிறிதும் அமுங்காத பொருள் நாயின் மேல் கடைவாய்ப் பல்லையே உடைத்துவிடலாம். கிழியாத பொருளும் தீங்கு செய்யும் என்பதால்தான் உறுதியைப் பாராட்டி மட்டும் எழுதக் கூடாது.

கடைசியாக ‘நீண்ட நாள்’. எத்தனை நாள்? அதே பொம்மையை வாங்கிய வழக்கமான வாடிக்கையாளர்கள் மூவரைக் கேட்டேன். 6 கிலோ ஷிட்சூ ஒன்றிடம் எட்டு மாதமாகியும் பல்தடம் மட்டுமே இருந்தது. 8 கிலோ ஜேக் ரசல் ஒன்று மூன்றே வாரத்தில் துளை ஓரத்தில் வெடிப்பு உண்டாக்கிவிட்டது. 12 கிலோ கலப்பின நாய் இரண்டு மாதத்தில் நுனியைக் கடித்துத் தள்ளியது. எடையைவிடக் கடிக்கும் பழக்கம் அதிகம் பேசுகிறது. நான்கு நாய்களை வைத்து ‘இத்தனை மாதம் வரும்’ என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் எப்போது தூக்கிப் போட வேண்டும் என்று சொல்ல முடியும்.

திருத்தி எழுதியது இது:

“நீளம் 9 செ.மீ., குறுகிய பக்கம் 5.5 செ.மீ. முழுப் பொம்மையும் வாய்க்குள் போகும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். இயற்கை ரப்பர் என்று விநியோகிப்பாளர் சொல்கிறார். சோதனை அறிக்கை எங்களிடம் இல்லை. எங்கள் வாடிக்கையாளர்களின் நான்கு நாய்களில் ஒன்றிடம் எட்டு மாதம் தாங்கியது. மற்ற மூன்றிடமும் மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் சேதமானது. 16 கிலோ நாய் ஒன்று கிழித்து விழுங்கி அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கடித்துப் பிய்க்கும் நாய்க்கு இது வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் கழுவி நிழலில் வையுங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். துண்டு காணாமல் போய் நாய் வாந்தி எடுத்தால் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.”

முதலாளி அண்ணன் இரண்டு முறை படித்தார். “இப்படி எழுதினா யாரும்மா வாங்குவா?” என்று கேட்டார். ஷிட்சூ வைத்திருப்பவர் வாங்கலாம், பீகல் வைத்திருப்பவர் வாங்க வேண்டாமே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அறுவை சிகிச்சை வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அந்த வரிதான் தேவை என்று நின்றேன். சரி, ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.

அந்த மாதம் அந்தப் பொம்மை முன்பைவிடக் குறைவாகவே விற்றது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஒரு மாதக் கணக்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். வாங்க வந்த ஒருவர் மட்டும் கைத்தொலைபேசியில் அந்தப் பக்கத்தைக் காட்டி, “என் நாய் பிய்க்கிற ஜாதி, வேற காட்டுங்க” என்றார். அண்ணன் வேறொரு பொம்மையை எடுத்தார். பெட்டியைப் பிரித்து, முதலில் நகத்தால் அழுத்திப் பார்த்தார்.