இரண்டு ஊர் நிழலில் பூமியின் சுற்றளவு

எகிப்தின் தென்கோடியில், நைல் நதிக்கரையில் இருக்கிறது அஸ்வான். பழைய கிரேக்கர்கள் அந்த ஊரைச் சையீன் என்று அழைத்தார்கள். ஆண்டின் மிக நீண்ட பகல் வரும் ஜூன் மாத நாளில், உச்சிவேளையில் அங்கே நட்டு வைத்த கோலுக்கு நிழல் விழுவதில்லை என்பதும், ஆழமான கிணற்றின் அடித்தண்ணீர் வரை வெயில் இறங்குகிறது என்பதும் அக்காலத்தில் பலரும் அறிந்த செய்தி. நம் ஊர்களில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் தலைக்கு மேல் வருகிறது. சையீன் கடகரேகையை ஒட்டியிருந்ததால் அங்கே அது ஒரே ஒரு முறைதான்.

வடக்கே, மத்தியதரைக் கடலோரத்து அலெக்சாந்திரியாவில் அதே நாள் உச்சிவேளையில் நிழல் விழுந்தது. அந்த நகரத்தின் புகழ்பெற்ற நூலகத்துக்குத் தலைவராக இருந்த எரடோஸ்தனிஸ், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பூமியின் அளவைப் பற்றி அவர் எழுதிய நூல் அழிந்துவிட்டது. கிளியோமிடிஸ் என்ற பிற்கால ஆசிரியர் எழுதிவைத்த சுருக்கம் மட்டுமே நமக்கு மிஞ்சியிருக்கிறது.

அவர் பயன்படுத்திய கருவி அரைக்கோள வடிவில் குடைந்த ஒரு கிண்ணம். அதன் அடியிலிருந்து ஒரு முள் நிமிர்ந்து நிற்கும். முள்ளின் நுனி சரியாக அந்தக் கோளத்தின் மையத்தில் இருக்கும். நிழல் கிண்ணத்தின் உட்சுவரில் வளைவாக விழுவதால், நிழலின் நீளமே கோணத்தைக் காட்டிவிடும். தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. அலெக்சாந்திரியாவில் அந்த நிழல் முழு வட்டத்தில் 50இல் ஒரு பங்கு இருந்தது. இன்றைய கணக்கில் அது 7.2 பாகை.

சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் இரண்டு ஊர்களுக்கும் இணையாக வந்து சேர்கின்றன என்று அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு ஊர்க் கோல்களையும் மண்ணுக்குள்ளே நீட்டிக்கொண்டே போனால் அவை பூமியின் மையத்தில் சந்திக்கும். சையீன் கோல் சூரியக் கதிரின் திசையிலேயே நிற்கிறது. அலெக்சாந்திரியாவின் கோல் கதிரிலிருந்து 7.2 பாகை விலகி நிற்கிறது. இணைகோடுகளை ஒரு கோடு வெட்டினால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று பள்ளியில் படித்தோமே, அந்த விதிப்படி பூமியின் மையத்தில் உண்டாகும் கோணமும் அதே 7.2 பாகைதான். ஆகவே இரு ஊர்களுக்கும் இடைப்பட்ட தூரம் பூமியின் சுற்றளவில் 50இல் ஒரு பங்கு. அந்தத் தூரத்தை 5,000 ஸ்டேடியா என்று கொண்டு, சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா என்றார். பிறகு அது 2,52,000 ஆனது. ஒரு பாகைக்கு 700 என்று மீதியில்லாமல் வகுபடுகிற எண் அது.

இந்தக் கணக்கை வகுப்பில் சொல்லித்தரும்போது அநேகமாக விட்டுப்போகும் ஒரு விஷயம் உண்டு. பூமி உருண்டை என்று இந்த இரண்டு நிழல்கள் நிரூபிக்கவில்லை. பூமி தட்டை, சூரியன் பக்கத்திலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் இதே நிழல்கள் விழும். சூரியன் சையீனுக்கு மேலே ஏறத்தாழ 40,000 ஸ்டேடியா உயரத்தில் நின்றால் போதும். இது வெறும் கற்பனை வாதம் இல்லை. பழைய சீனக் கணித நூலான சோபி, பூமியைத் தட்டையாகக் கொண்டு இதே மாதிரியான நிழல் வேறுபாட்டிலிருந்து சூரியனின் உயரம் 80,000 லி என்று கணக்கிட்டிருக்கிறது. எரடோஸ்தனிஸுக்கு உருண்டை என்பது முன்பே தெரிந்திருந்தது. சந்திர கிரகணத்தின்போது பூமியின் நிழல் எப்போதும் வளைவாகவே விழுவதையும், தெற்கே போகப்போகப் புதிய நட்சத்திரங்கள் தென்படுவதையும் அரிஸ்டாட்டில் அவருக்கு முன்பே எழுதிவிட்டார். உருவம் ஏற்கெனவே தீர்ந்துபோன கேள்வி. அளவைத்தான் நிழலிடம் கேட்டார்கள்.

விடை எவ்வளவு சரி? இன்று நாம் அறிந்த சுற்றளவு, துருவங்கள் வழியாக அளந்தால், 40,008 கி.மீ. ஒரு ஸ்டேடியம் 157.5 மீட்டர் என்று கொண்டால் 2,52,000 ஸ்டேடியா 39,690 கி.மீ. ஆகிறது. 185 மீட்டர் என்று கொண்டால் 46,620 கி.மீ. எந்த அளவு அவருடையது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒரு சதவீதத்துக்குள் சரியாகச் சொன்னார் என்று எழுதுகிறவர்கள் தமக்கு வசதியான ஸ்டேடியத்தைத் தேர்ந்துகொள்கிறார்கள். 5,000 என்ற முழு எண்ணே, அது துல்லியமான அளவு இல்லை என்பதைக் காட்டுகிறது. போதாக்குறைக்கு, அஸ்வான் அலெக்சாந்திரியாவுக்கு நேர் தெற்கில் இல்லை. மூன்று பாகை கிழக்கே தள்ளியிருக்கிறது.

கோணத்தின் கதை வேறு. இரு ஊர்களின் அட்சரேகை வேறுபாடு உண்மையில் 7.1 பாகை, அவர் கண்டது 7.2. இவ்வளவு நெருக்கமாக வந்ததற்குக் காரணம், இரண்டு பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டியது. அன்றைய கடகரேகை அஸ்வானுக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தள்ளிச் சென்றது. அதனால் சூரியனின் நடுப்புள்ளி சையீனின் உச்சியை ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான வித்தியாசத்தில் தவறவிட்டது; ஒரு மீட்டர் கோலில் அது ஆறு மில்லிமீட்டர் நிழல்தான், கண்ணுக்குப் பிடிபடாது. அதே நாளில் அலெக்சாந்திரியாவில் சூரியனின் நடுப்புள்ளி உச்சியிலிருந்து ஏறத்தாழ 7.5 பாகை விலகியிருந்தது. ஆனால் சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரைப்பாகை அகலமுள்ள தட்டு. கருநிழல் முடியும் இடத்தைத் தீர்மானிப்பது அந்தத் தட்டின் மேல்விளிம்பு. ஆகவே நிழல் கால் பாகைக்குச் சற்று மேலாகக் குறைந்து, 7.2 என்று வந்து நின்றது.

அந்தக் கால் பாகை நம் கைக்கும் தட்டுப்படும். ஏப்ரல் 24ஐ ஒட்டிச் சென்னையில் நிழலில்லா நண்பகல் வருகிறது. அன்று கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் கோலை நிறுத்தினால், சூரியன் வடக்கே இருப்பதால் நிழல் தெற்கு நோக்கி 8.7 செ.மீ. விழும், அது 5 பாகை. கடிகாரத்தில் 12 மணி பார்க்கக் கூடாது, நிழல் மிகக் குறுகும் கணமே அந்த ஊரின் நண்பகல். சாலைத் தூரமான ஏறத்தாழ 700 கி.மீ.யைக் கொண்டு பெருக்கினால் பூமி 50,000 கி.மீ.க்கு வீங்கிவிடும், நேர் வடக்கு–தெற்காக உள்ள 553 கி.மீ.யை 72 ஆல் பெருக்க வேண்டும், 39,816 வரும். ஆனால் நிழலின் ஓரம் மங்கலாக இருக்கும். கருமை முடியும் இடத்தில் கோடு போட்டால் நீளம் அரை செ.மீ. குறைந்து, விடை 42,000 கி.மீ.யைத் தொட்டுவிடும். இதைத் தவிர்க்க, கோலின் தலையில் சிறு துளையிட்ட ஒரு தகட்டைப் படுக்கைவசமாகப் பொருத்துங்கள். துளைக்கு நேர் கீழே உள்ள புள்ளியைத் தூக்குக்குண்டு தொங்கவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தகட்டின் நிழலுக்கு நடுவே சூரியனின் வட்டப் பிம்பம் விழும். குறித்த புள்ளியிலிருந்து அந்த வட்டத்தின் மையம் வரை அளந்தால் சூரியனின் நடுப்புள்ளிக்கு உரிய நிழல் நீளம் கிடைத்துவிடும்.